கீழே வந்தா மேலே வந்தே ஆகணுமா? மல்லிகை விலையை வச்சு ஒரு சார்ட்டின் குணத்தைக் கண்டுபிடிப்பது

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் எடுத்திருக்கோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நேயர்கள்கிட்ட இருந்து வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்துச்சு. "ஒரு ஷேர் நல்லா இறங்கியிருக்கு. இறங்கினது ஏறித்தானே ஆகணும், இப்ப வாங்கலாமா?" அதே ஆட்கள் இன்னொரு கேள்வியும் கேட்குறாங்க. "இன்னொரு ஷேர் நல்லா ஏறிட்டு இருக்கு. ஏறுற குதிரையில ஏறிக்கலாமா?"

ரெண்டு கேள்வியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் கேள்வி, விலை போன திசைக்கு எதிர் திசையில திரும்பும்னு நம்புது. ரெண்டாவது, போன திசையிலேயே இன்னும் போகும்னு நம்புது. முதலாவதுக்குப் பேர் மீன் ரிவர்ஷன், அதாவது சராசரிக்குத் திரும்புறது. ரெண்டாவதுக்குப் பேர் மொமென்டம். ஒரே சார்ட், ஒரே கால அளவு, ரெண்டும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது. அப்ப எந்த சார்ட்டுக்கு எது? இன்னிக்கு அதை மட்டும்தான் பேசப் போறோம்.

விலையை இழுக்குறது எது?

சார்ட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த விலை ரொம்ப மேலே போனா, அதைக் கீழே இழுக்குற கை யாருடையது? அந்தக் கையை நம்மால பேர் சொல்லி அடையாளம் காட்ட முடியுதா?

நம்ம ஊர் மல்லிகையை எடுத்துப்போம். மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்கள்ல விடியுறதுக்கு முன்னாடியே மொட்டாப் பறிச்சு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவாங்க. சாயங்காலம் மொட்டு விரிஞ்சிடும். விரிஞ்ச பூவுக்கு மறுநாள் காலையில மொட்டோட விலை கிடைக்காது. அதாவது இன்னிக்கு வாங்கி நாளைக்கு விக்கலாம்னு யாரும் மல்லிகையைப் பதுக்க முடியாது.

இதோட விளைவு என்னன்னு பாருங்க. நாளைக்கு முகூர்த்தம்னா இன்னிக்குக் காலையில கிராக்கி கூடும், விலை எகிறும். முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் அந்தக் கிராக்கி இல்ல. நேத்து 1,000 ரூபாய் போச்சுங்கிறதுக்காக இன்னிக்கு யாரும் 1,000 கொடுக்க மாட்டாங்க. விலை தானா இறங்கிடும். அதே மாதிரி வரத்து கொட்டுற காலத்துல விலை ரொம்ப அடி வாங்கினா, சென்ட் ஃபேக்டரிக்காரங்க மொத்தமா எடுப்பாங்க. அது ஒரு அடித்தளம் மாதிரி. விலை ரொம்பவே சரிஞ்சா பறிப்புக் கூலி கூடக் கட்டுப்படி ஆகாது, சிலர் பறிக்காமலே விட்டுடுவாங்க. வரத்து குறையும், விலை திரும்பும். மேலேயும் ஒரு கை, கீழேயும் ஒரு கை. ரெண்டையும் நம்மால பேர் சொல்ல முடியுது.

இப்ப தங்கத்தை எடுத்துப்போம். சென்னையில ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 2024 மார்ச் கடைசியில முதல் தடவையா 50,000 ரூபாயைத் தாண்டுச்சு. அப்ப நிறைய பேர் சொன்னது "ரொம்ப ஏறிடுச்சு, இறங்கட்டும், வாங்கிக்கலாம்". 2024 ஜூலை பட்ஜெட்ல இறக்குமதி வரியை 15 சதவீதத்துல இருந்து 6 சதவீதமா குறைச்சாங்க, விலை கொஞ்சம் இறங்குச்சு. ஆனா 2025 ஏப்ரல்ல சவரன் 70,000-ஐயும் தாண்டிடுச்சு. தங்கம் வாடாது. ஏறுதுன்னு தெரிஞ்சா வாங்கி பீரோவுல வச்சுக்கலாம், அதனால ஏற்றமே புது ஆளை உள்ளே கூட்டிட்டு வர முடியும். 50,000-ல இருந்து அதைக் கீழே இழுத்தே ஆகணும்னு கட்டாயம் எந்தக் கைக்கும் இல்ல.

அப்ப மல்லிகைன்னா மீன் ரிவர்ஷன், தங்கம்னா மொமென்டம், அவ்வளவுதானேன்னு முடிச்சுடாதீங்க. காரணம் இருக்கலாம்னு தெரிஞ்சா அது ஒரு சந்தேகம், நிரூபணம் இல்ல. தங்கம் ஏறுச்சுங்கிறதுனால மட்டும் அது மொமென்டம் ஆகிடாது. இதுலதான் பெரும்பாலானவங்க வழுக்குறாங்க.

அதே எட்டுப் படி, ரெண்டு குணம்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கோங்க. இது விளக்கத்துக்காக நான் எழுதிக்கிட்ட எண்கள், எந்த மார்க்கெட்டோட விலையும் இல்ல.

ரெண்டு சார்ட். ரெண்டும் 500 ரூபாயில ஆரம்பிச்சு, எட்டு நாள் கழிச்சு 500-லயே முடியுது.

```
A: 500 540 570 540 500 520 550 530 500
B: 500 540 510 540 500 520 490 520 500
```

A-வோட தினசரி மாற்றம்: +40, +30, -30, -40, +20, +30, -20, -30. B-யோட தினசரி மாற்றம்: +40, -30, +30, -40, +20, -30, +30, -20. நல்லாப் பாருங்க, ரெண்டுலயும் அதே எட்டு எண்கள்தான். வரிசை மட்டும் மாறியிருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு ஆடுதுன்னு பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. ஒவ்வொரு மாற்றத்தையும் வர்க்கம் பண்ணி சராசரி எடுத்தா ரெண்டுக்கும் 950.

இப்ப ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மட்டும் விலையைப் பாருங்க. A-ல ரெண்டு நாள் மாற்றங்கள் +70, -70, +50, -50. வர்க்கத்தோட சராசரி 3,700. B-ல ரெண்டு நாள் மாற்றங்கள் +10, -10, -10, +10. வர்க்கத்தோட சராசரி வெறும் 100.

இதை எதோட ஒப்பிடணும்? தினமும் காசு சுண்டி விட்டு, தலை விழுந்தா ஏத்தம், பூ விழுந்தா இறக்கம்னு ஒரு சார்ட் வரைஞ்சா, நேத்தைக்கும் இன்னிக்கும் சம்பந்தம் இருக்காது. அந்த மாதிரி சார்ட்ல ரெண்டு நாள் மாற்றத்தோட வேரியன்ஸ், ஒரு நாள் வேரியன்ஸைப் போலச் சரியா ரெண்டு மடங்கு இருக்கணும். இருபது நாள்னா இருபது மடங்கு. இங்கே ரெண்டு மடங்குன்னா 1,900. A-ல கிடைச்ச 3,700-ஐ 1,900-ஆல வகுத்தா 1.95. B-ல 100-ஐ வகுத்தா 0.05.

இந்த விகிதத்துக்குப் பேர் வேரியன்ஸ் ரேஷியோ. 1-க்கு மேலே போனா, ஒரு திசையில வச்ச அடிக்கு அடுத்த அடியும் அதே திசையில விழுதுன்னு அர்த்தம். அது மொமென்டம். 1-க்குக் கீழே வந்தா, வச்ச அடியை அடுத்த அடி அழிக்குதுன்னு அர்த்தம். அது மீன் ரிவர்ஷன். 1-ஐ ஒட்டி இருந்தா, நேத்தைய விலை மாற்றம் இன்னிக்கு எதுவும் சொல்லல. ஆண்ட்ரூ லோ, கிரெய்க் மெக்கின்லே ரெண்டு பேரும் 1988-ல இந்த விகிதத்தை அமெரிக்கப் பங்குகளோட வாராந்திர விலைக்குப் போட்டுப் பார்த்தாங்க. எல்லாப் பங்குக்கும் சம எடை கொடுத்த குறியீட்டுக்கு ரெண்டு வார விகிதம் சுமார் 1.30 வந்துச்சு. தனித்தனிப் பங்குகளுக்கோ 1-க்குக் கொஞ்சம் கீழேதான் இருந்துச்சு. குறியீட்டுக்கு ஒரு குணம், அதுக்குள்ளே இருக்குற பங்குக்கு இன்னொரு குணம்.

இப்ப தங்கத்துக்குத் திரும்பி வருவோம். தினமும் சராசரியா கொஞ்சம் ஏறிக்கிட்டே இருக்குற ஒரு சார்ட்டை நினைச்சுக்கோங்க. அந்தச் சராசரி ஏற்றத்தைக் கழிச்சுட்டு மீதியைப் பார்த்தா, அது காசு சுண்டின மாதிரியே இருக்கலாம். அது ஏறுற சார்ட், ஆனா மொமென்டம் சார்ட் இல்ல. நேத்து ஏறினதுனால இன்னிக்கு ஏறுதா, இல்ல தினமும் ஒரே மாதிரி கொஞ்சம் ஏறுதாங்கிறது தனிக் கேள்வி. அதனாலதான் கணக்குல சராசரி மாற்றத்தை முதல்லயே கழிக்கிறோம்.

கலைச்சுப் போட்டுப் பாருங்க

விகிதம் 0.85 வந்துச்சுன்னு வச்சுக்கோங்க. அது உண்மையான மீன் ரிவர்ஷனா, இல்ல அதிர்ஷ்டமா? A, B ரெண்டுக்கும் படிகள் ஒண்ணுதான், வரிசைதான் வேறன்னு பார்த்தோம். அப்ப நம்ம சார்ட்டோட படிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுட்டா, குணம் போயிடும், படிகளோட அளவு மட்டும் மிஞ்சும். ஆயிரம் தடவை கலைச்சு, ஒவ்வொரு தடவையும் விகிதத்தைக் கணக்குப் போடுங்க. நம்ம உண்மையான விகிதம் அந்தக் கூட்டத்துக்கு நடுவுல விழுந்தா, சார்ட்ல குணம்னு ஒண்ணைப் பார்த்தது நம்ம கண்ணுதான். கூட்டத்துக்கு வெளியே விழுந்தா, ஏதோ இருக்கு.

பைத்தானில இது இவ்வளவுதான்:

```python
import numpy as np

def vr(x, k):              # x = np.log(price)
    d = np.diff(x)
    m = d.mean()
    dk = x[k:] - x[:-k]
    return ((dk - k*m)**2).mean() / (k * d.var())

def band(x, k, n=1000):
    d = np.diff(x)
    out = []
    for _ in range(n):
        s = np.random.permutation(d)
        out.append(vr(np.r_[0, s.cumsum()], k))
    return np.percentile(out, [5, 95])
```

விலையை அப்படியே போடாம லாக் எடுத்துப் போடுறோம். 100 ரூபாயில 10 ரூபாய் ஏத்தமும், 1,000 ரூபாயில 100 ரூபாய் ஏத்தமும் ஒரே அளவாத் தெரியணும், அதுக்குத்தான். `vr` கொடுக்குற எண், `band` கொடுக்குற ரெண்டு எண்ணுக்கு நடுவுல இருக்கான்னு பாருங்க. நடுவுல இருந்தா, "தெரியல"ங்கிறதுதான் நேர்மையான பதில்.

அந்தப் பதில் எவ்வளவு அடிக்கடி வரும்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. ஒரு வருஷத்துல சுமார் 250 வர்த்தக நாள். ரெண்டு நாள் விகிதத்துக்கு, வெறும் அதிர்ஷ்டத்தால வரக்கூடிய எல்லை ஏறத்தாழ 0.9-ல இருந்து 1.1 வரைக்கும்தான். ஆனா இருபது நாள் விகிதத்துக்கு அந்த எல்லை சுமாரா 0.5-ல இருந்து 1.5 வரைக்கும் விரிஞ்சுடும். ஏன்னா 250 நாள்ல ஒண்ணோடொண்ணு ஒட்டாத இருபது நாள் துண்டுகள் பன்னிரண்டுதான் இருக்கு. பன்னிரண்டு தடவை காசு சுண்டி அந்தக் காசைப் பத்தித் தீர்ப்பு சொல்ற மாதிரி. ஒரு வருஷ சார்ட்டை வச்சுக்கிட்டு "இது மாசக் கணக்குல மொமென்டம் சார்ட்"னு யாராவது அடிச்சுச் சொன்னா, அவங்ககிட்ட அதுக்கான டேட்டா இல்ல.

கலைக்கிற முறைக்கும் ஒரு குறை உண்டு. மார்க்கெட்ல பெரிய ஆட்டம் வர்ற நாட்கள் கூட்டமா வரும், அமைதியான நாட்களும் கூட்டமா வரும். கலைச்சா அந்தக் கூட்டமும் சேர்ந்து கலைஞ்சிடும். அதனால நமக்குக் கிடைக்கிற எல்லை உண்மையான எல்லையைவிடக் கொஞ்சம் குறுகலா இருக்கும். எல்லையைத் தொட்டு நிக்கிற விடையை நம்பாதீங்க, தெளிவா வெளியே இருந்தா மட்டும் எடுத்துக்கோங்க.

எத்தனை நாளுக்கு?

"இந்த சார்ட் மொமென்டமா, மீன் ரிவர்ஷனா?"ங்கிற கேள்வியே பாதிக் கேள்விதான். எத்தனை நாள் கணக்குலன்னு சேர்த்துக் கேக்கணும். `k`-ஐ மாத்தினா பதிலும் மாறலாம்.

பங்குகள்ல இது நல்லா ஆராயப்பட்ட விஷயம். நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் ரெண்டு பேரும் 1993-ல வெளியிட்ட ஆய்வுல, கடந்த 3-ல இருந்து 12 மாசத்துல நல்லா ஏறின அமெரிக்கப் பங்குகள் அடுத்த 3-ல இருந்து 12 மாசமும் மத்ததைவிட நல்லாப் போச்சுன்னு காட்டினாங்க. அதுக்கு முன்னாடியே 1985-ல வெர்னர் டி போண்ட், ரிச்சர்ட் தேலர் ரெண்டு பேரும், கடந்த 3-ல இருந்து 5 வருஷமா அடி வாங்கின பங்குகள் அடுத்த சில வருஷத்துல ஜெயிச்ச பங்குகளை முந்தினதைக் காட்டினாங்க. நடுத்தரக் காலத்துக்கு மொமென்டம், நீண்ட காலத்துக்குத் திரும்பல். ரெண்டும் அதே மார்க்கெட்.

மல்லிகையிலயும் இந்த விஷயம் வேற வடிவத்துல வரும். நாள் கணக்குல பார்த்தா முகூர்த்தத்துக்கு ஏறி, மறுநாள் இறங்குற ஆட்டம். ஆனா பனி இறங்குன கார்த்திகை, மார்கழியில செடி பூக்குறது குறையும். மார்கழியில முகூர்த்தமே இல்லாட்டியும் வரத்து இல்லாததால விலை ஏறும், பொங்கலுக்கு முன்னாடி கிலோ ரெண்டாயிரம், மூவாயிரம்னு கேக்குறது நமக்குப் புதுசில்ல. வெயில் ஏறினா வரத்து கூடி, சில நூறு ரூபாய்க்கு வந்துடும். அப்ப ஐப்பசியில இருந்து தை வரைக்கும் எடுத்த சார்ட்டை மட்டும் பார்க்குற ஆளுக்கு அது அட்டகாசமான மொமென்டம் மாதிரித் தெரியும்.

ஆனா அது மொமென்டம் இல்ல. ஏறுனதுனால ஏறல, பனியால ஏறுச்சு. இங்கே நகர்றது சராசரியே. விலை அந்த நகர்ற சராசரியைச் சுத்தித்தான் ஆடுது. இதைத் தப்பாப் படிச்சா ரெண்டு பக்கமும் அடி விழும். மொமென்டம்னு நினைச்ச ஆள், தைக்கு அப்புறமும் ஏறும்னு எதிர்பார்ப்பார். மீன் ரிவர்ஷன்னு நினைச்ச ஆள், வருஷம் பூரா எடுத்த சராசரியை வச்சுக்கிட்டு, கார்த்திகை விலை அதைவிட ரெண்டு மடங்கு இருக்கே, இறங்கித்தான் ஆகணும்னு காத்திருப்பார். அது மார்கழியில இன்னும் ஏறும்.

சரி செய்றது கஷ்டமில்ல. ஒரு வாரத்தோட விலையை முந்தைய நாலஞ்சு வருஷத்துல அதே வாரம் என்ன விலைங்கிறதோட ஒப்பிடுங்க. பருவத்தால வர்ற பங்கைக் கழிச்சுட்டு, மிச்சத்துக்கு மட்டும் வேரியன்ஸ் ரேஷியோ போடுங்க. முகூர்த்த நாள் ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும்ங்கிறதால, அந்த நாட்களைத் தனியாக் குறிச்சு வச்சுக்கிறது நல்லது.

டேட்டாவே பொய் சொல்லும்போது

குணம் சார்ட்ல இல்லாம, சார்ட் தயாரிச்ச விதத்துல இருந்து வர்றதும் உண்டு. ரெண்டு திசையிலயும் ஒவ்வொரு உதாரணம் சொல்றேன்.

விவசாயப் பொருள் விலை பல இடத்துல மாச சராசரியாத்தான் கிடைக்கும். அந்த மாசத்துல எல்லா நாள் விலையையும் கூட்டி வகுத்த எண். 1960-ல ஹோல்ப்ரூக் வொர்க்கிங்னு ஒருத்தர் ஒரு விஷயத்தைக் காட்டினார். முழுக்கக் காசு சுண்டின மாதிரி போற விலையா இருந்தாலும், அதை மாச சராசரியா மாத்திட்டா, ஒரு மாச மாற்றத்துக்கும் அடுத்த மாச மாற்றத்துக்கும் நடுவுல சுமார் 0.25 அளவு தொடர்பு வந்துடும். மாசக் கடைசியில ஏறின ஏத்தம், இந்த மாச சராசரியில கொஞ்சம், அடுத்த மாச சராசரியில மீதின்னு பிரிஞ்சு விழுது, அதனால. இல்லாத மொமென்டம் பேப்பர்ல வந்துடும். தீர்வு, சராசரியை விட்டுட்டு மாசக் கடைசி நாள் விலையை எடுக்குறது.

எதிர் திசைக்கு, அதிகம் வர்த்தகம் நடக்காத சின்னப் பங்கை எடுத்துக்கோங்க. வாங்குறவர் 100 ரூபாய்க்கு நிக்கிறார், விக்கிறவர் 101-க்கு நிக்கிறார். உண்மையில விலை நகரவே இல்ல. ஆனா ஒரு நாள் கடைசி வர்த்தகம் 101-ல முடியுது, மறுநாள் 100-ல, அடுத்த நாள் 101-ல. சார்ட்ல அது தங்கமான மீன் ரிவர்ஷன். விகிதம் 1-க்கு நல்லாக் கீழே. ஆனா 100-ல வாங்கி 101-ல விக்கலாம்னு நீங்க போனா, உங்களுக்குக் கிடைக்கிறது 101-ல வாங்கி 100-ல விக்கிற வாய்ப்புதான். ரெண்டு நாள் விகிதம் மட்டும் குறைஞ்சு, அதுக்கு மேலே அஞ்சு நாள், பத்து நாள் போகப் போக விகிதம் தொடர்ந்து இறங்காம ஒரே இடத்துல நின்னா, இதைச் சந்தேகப்படுங்க.

சராசரியே இடம் மாறினா

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு கவனம்னா, தப்பா முடிவெடுத்தா ரெண்டுக்கும் விலை ஒண்ணில்ல. மொமென்டம்னு நம்பி வாங்கி அது இறங்கினா, இறங்குறதே "நீ நினைச்சது தப்பு"ன்னு சொல்லிடும், வெளியே வந்துடலாம். மீன் ரிவர்ஷன்னு நம்பி வாங்கினா கதை வேற. இறங்க இறங்க, சராசரியில இருந்து தூரம் கூடுது, அப்ப இன்னும் மலிவு, இன்னும் வாங்குன்னுதான் அந்த நம்பிக்கை சொல்லும். நஷ்டமே வாங்கச் சொல்ற காரணமா மாறிடும்.

யெஸ் பேங்க் பங்கு இதுக்கு நம்ம நாட்டுல நடந்த சம்பவம். 2018 ஆகஸ்ட்ல சுமார் 400 ரூபாய். செப்டம்பர்ல, நிர்வாக இயக்குநரோட பதவிக்காலம் 2019 ஜனவரி 31 வரைக்கும்தான்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. செய்தி வந்ததும் ஒரே நாள்ல பங்கு சுமார் 30 சதவீதம் சரிஞ்சுது. அந்த வருஷக் கடைசியில 200-க்கும் கீழே. "400-ல இருந்தது, திரும்பும்"னு வாங்கினவங்களுக்கு முதல்ல நல்ல செய்திதான் கிடைச்சுது. 2019 ஏப்ரல் தொடக்கத்துல 270-ஐத் தாண்டுச்சு. நம்பிக்கை உறுதியாச்சு. அப்புறம் அதே வருஷம் செப்டம்பர் கடைசியில 40 ரூபாய் பக்கம் வந்துடுச்சு. 2020 மார்ச் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி மொராட்டோரியம் போட்டுச்சு, டெபாசிட்தாரர் 50,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு வரம்பு வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த மறுசீரமைப்புத் திட்டத்துல, 100 பங்கோ அதுக்கு மேலயோ வச்சிருந்தவங்களோட பங்குல 75 சதவீதம் மூணு வருஷத்துக்குப் பூட்டப்பட்டுச்சு. நினைச்சாலும் வித்துட்டு வெளியே வர முடியாது.

பழைய சார்ட்டை மட்டும் வச்சு இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஏன்னா மல்லிகைச் செடி அடுத்த நாளும் பூக்கும், கல்யாணம் அடுத்த முகூர்த்தத்துக்கும் நடக்கும். விலையைச் சராசரிக்கு இழுக்குற கை அங்கேயேதான் இருக்கு. யெஸ் பேங்க்ல 400 ரூபாயைத் தாங்கிப் பிடிச்ச காரணம் வாராக்கடன் வெளிய வர வர கரைஞ்சு போச்சு. காரணம் போனதும் அந்தச் சராசரிக்கும் அர்த்தம் போச்சு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் வச்சுக்கலாம். நீங்க பார்க்குற சார்ட், சராசரியில இருந்து விலகின தூரத்துல தினமும் சராசரியா கால் பங்கைத் திருப்பிப் பிடிக்குதுன்னு பழைய டேட்டா காட்டுதுன்னு வச்சுக்கோங்க. 100 ரூபாய் விலகினா மறுநாள் 75, அடுத்த நாள் 56, அப்புறம் 42. ரெண்டரை நாள்ல பாதி தூரம் போயிடும். இதைத்தான் அரை ஆயுள்னு சொல்றாங்க. எட்டு நாள்ல பத்து ரூபாய்தான் மிச்சம் இருக்கணும். பத்து நாள் ஆகியும் விலகல் 100-லயே நின்னா, இல்ல 130 ஆயிருந்தா, "இன்னும் மலிவு"ங்கிறது அர்த்தம் இல்ல. நீங்க வச்சிருந்த சராசரி காலாவதி ஆயிடுச்சுங்கிறதுதான் அர்த்தம். மீன் ரிவர்ஷனுக்கு நிறுத்த வேண்டிய விலையைவிட நிறுத்த வேண்டிய தேதி நல்ல காவல்.

வரிசை

நேயர்கள் கேட்ட கேள்விக்கு இப்ப பதில் சொல்லிடலாம். இறங்கின பங்கைப் பார்த்ததும் முதல்ல, இதைத் திருப்பி இழுக்கப்போற கை யாரோடதுன்னு ஒரே வாக்கியத்துல எழுதுங்க. "ரொம்ப இறங்கிடுச்சு"ங்கிறது கை இல்ல. அப்புறம் எத்தனை நாள் கணக்குல பேசுறீங்கன்னு முடிவு பண்ணுங்க. அந்த `k`-க்கு விகிதத்தைப் போட்டு, கலைச்ச ஆயிரம் சார்ட்டோட ஒப்பிடுங்க. பருவமோ, மாச சராசரியோ, விக்கிற விலைக்கும் வாங்குற விலைக்கும் நடுவுல துள்ளுறதோ அந்த விடையைக் கெடுக்குதான்னு பாருங்க. கடைசியா, எந்தத் தேதிக்குள்ள திரும்பலைன்னா விட்டுடுவீங்கன்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க.

இதைச் செஞ்சா பெரும்பாலான சார்ட்டுக்கு உங்களுக்குக் கிடைக்கப் போற பதில் "ரெண்டும் இல்ல"ங்கிறதுதான். அந்தப் பதில் கிடைச்சா அந்த சார்ட்டை மூடிட்டு அடுத்ததுக்குப் போங்க.

அடுத்த எபிசோட்ல, முந்தைய வருஷங்களோட அதே வார விலையை வச்சுப் பருவத்தைக் கழிக்கிற கணக்கை ஒரு விரிதாள்ல படிப்படியாப் போட்டுக் காட்டுறேன். கேள்விகள் இருந்தா அனுப்புங்க.